அப்பாவுக்குப் பத்து வருடக் காலை இருமல், இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊதும் டெஸ்டில் "ரெஸ்ட்ரிக்‌ஷன்" என்று வந்திருக்கிறது

செல்வி_நாமக்கல்:

அப்பாவுக்கு வயசு 62. லாரி ஓட்டினவர், வண்டியை விட்டு மூணு வருஷம் ஆச்சு. 19 வயசுல பீடி ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஒரு நாளைக்கு ஒரு கட்டு, அதாவது 25. காலைல எழுந்ததும் அரை மணி நேரம் இருமுவார். வெள்ளையா, சில நாள் சாம்பல் நிறத்துல, கொழகொழன்னு ரெண்டு மூணு ஸ்பூன் கோழை வரும். முதல் பீடியைப் பத்த வச்சதும் "இப்பத்தான் இளகுச்சு"ன்னு சொல்லுவார். பத்து வருஷத்துக்கு மேல இப்படியே இருக்கறதால வீட்ல யாரும் அதை ஒரு நோயா நினைக்கல.

போன கார்த்திகையில இருந்து மூச்சு வாங்குது. வீட்டுப் படி 14, ஏழாவது எட்டாவது படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடறார். "மூச்சு உள்ள போக மாட்டேங்குது"ன்னுதான் சொல்றார். உட்கார்ந்திருந்தா ஒண்ணும் இல்ல. கால் வீக்கம் இல்ல, நெஞ்சு வலி இல்ல, எடை குறையல, கோழையில ரத்தம் வந்ததில்ல. ஈசிஜி, எக்கோ பார்த்தாச்சு, இதயம் நல்லா இருக்குன்னாங்க.

நெஞ்சு எக்ஸ்ரே நார்மல். சளி ரெண்டு தடவை கொடுத்தோம், டி.பி. இல்ல. ஒரு லேப்ல ஊதற டெஸ்ட் எடுத்தோம். தாள்ல இருக்கறது: FVC 1.95 லிட்டர் (61%), FEV1 1.42 லிட்டர் (57%), FEV1/FVC 0.73. கீழ "மைல்டு ரெஸ்ட்ரிக்‌ஷன்"னு மெஷினே அடிச்சிருக்கு.

இது பீடியால வந்ததுதானா? பத்து வருஷமா இருமல் இருக்கு, மூச்சு மட்டும் ஏன் இப்ப திடீர்னு வாங்குது?

ராஜபாளையத்தான்:

அக்கா, அப்பா பிரஷர் மாத்திரை ஏதாவது போடுறாரா? எனக்கு எனலாப்ரில் போட்ட பிறகு ஆறு மாசம் ராத்திரி பகலா இருமல். மாத்திரையை மாத்தினதும் மூணு வாரத்துல நின்னுச்சு. முதல்ல அதைப் பாருங்க.

செல்வி_நாமக்கல்:

இல்லங்க தம்பி, பிரஷர் மாத்திரை எதுவும் இல்ல. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான்.

கயல்_நெஞ்சுமருத்துவர்:

ராஜபாளையத்தான் சொன்ன மாத்திரை இருமல் உண்மையானது. ஆனால் அது வறட்டு இருமல், தொண்டையில் அரித்துக்கொண்டே இருக்கும், கோழை வராது. இங்கே தினமும் காலையில் ஸ்பூன் கணக்கில் கோழை வருகிறது. இரண்டும் வேறு.

ஆலமரம்:

செல்வி அம்மா, கவலைப்படாதீர்கள். பீடி, சிகரெட்டால் மூச்சுக்குழாய் அடைபடும் சிஓபிடி நோய் என்றால் FEV1/FVC 0.70-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 0.73. எக்ஸ்ரேயும் நார்மல். ஆகவே சிஓபிடி இல்லை. வயது, எடை, நடக்காமல் உட்கார்ந்தே லாரி ஓட்டிய பழக்கம், இவற்றால் வரும் இளைப்பாக இருக்கும். பீடியை விட்டால் ஒன்பது மாதத்தில் நுரையீரல் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன்.

ஊதுகுழல்:

நான் நுரையீரல் ஊதும் டெஸ்ட் எடுக்கும் பி.எஃப்.டி. அறையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ஆலமரம் ஐயா சொன்ன 0.70 கோடு சரி. ஆனால் அந்த 0.73-ஐ நம்பலாமா என்று முதலில் பார்க்க வேண்டும். செல்வி, அதே தாளில் FET என்று ஓர் எண் இருக்கும், அப்பா எத்தனை நொடி ஊதினார் என்று. அது எவ்வளவு? அப்புறம் இரண்டு படம் இருக்கும். அதில் கீழே நேரமும் பக்கத்தில் லிட்டரும் போட்டிருக்கும் படத்தில், கோடு கடைசியில் படுத்துத் தட்டையாகிறதா, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்து நிற்கிறதா?

செல்வி_நாமக்கல்:

FET 2.8. கோடு மேல போய்க்கிட்டே இருக்கு, அப்படியே நின்னுடுது. தட்டையாகல. அன்னைக்கு அப்பாவுக்கு இருமல் வந்துடுச்சு, "போதும் விடுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஊதுகுழல்:

அதுதான் சங்கதி. இந்தத் தாள் செல்லாது. காரணத்தைச் சொல்கிறேன்.

FEV1 என்பது முதல் ஒரு நொடியில் வெளியே வந்த காற்று. FVC என்பது முழுக்க ஊதி முடிக்கும்வரை வந்த மொத்தக் காற்று. நல்ல நுரையீரல் மூன்று நொடியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தள்ளிவிடும். குழாய் சுருங்கியவருக்கு அப்படி வராது. முதல் நொடிக்குப் பிறகு காற்று கசிகிற மாதிரி மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆனாலும் முடியாது. அவரை 2.8 நொடியில் நிறுத்தினால் FEV1 சரியாகவே பதிவாகும், ஏனென்றால் முதல் நொடி முடிந்துவிட்டது. FVC மட்டும் குறைந்துவிடும். கீழே உள்ள எண் சிறுத்தால் விகிதம் பெருக்கும். இப்படித்தான் 0.73 வந்திருக்கிறது. மெஷின் பார்ப்பது எண்ணை மட்டும்: FVC குறைவு, விகிதம் சரி, ஆகவே "ரெஸ்ட்ரிக்‌ஷன்" என்று அச்சடித்துவிட்டது. அடைப்பு உள்ளவரைச் சுருங்கிய நுரையீரல்காரர் ஆக்கும் தவறு இது. வாரத்துக்கு ஒன்றாவது இப்படிப்பட்ட தாள் எங்கள் மேசைக்கு வருகிறது.

திரும்ப எடுங்கள். போவதற்கு முன் ஒரு மணி நேரம் பீடி வேண்டாம், இரண்டு மணி நேரம் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். காலை இருமல் முழுக்க அடங்கிய பிறகு, பத்து பதினோரு மணிக்குப் போனால் நல்லது. பெல்ட்டைத் தளர்த்திவிடச் சொல்லுங்கள். பல்செட் இருந்து அது ஆடாமல் நின்றால் கழற்ற வேண்டாம், உதடு நன்றாகப் பிடிக்கும். நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் பதிய உட்கார வேண்டும். மூக்குக்குக் கிளிப். நெஞ்சு நிறைய இழுத்ததும் தயங்காமல் படாரென்று ஊத வேண்டும், பிறகு டெக்னீஷியன் "இன்னும், இன்னும்" என்று சொல்லும்வரை விடக்கூடாது. குறைந்தது ஆறு நொடி, கோடு படுக்கும்வரை. சரியாக வந்த ஊதல் மூன்று வேண்டும், அதில் சிறந்த இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசர் குழல் வழியாக நான்கு தடவை அடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி மூன்று. முடிவு சொல்வது மருந்துக்குப் பிறகு வரும் விகிதம்தான். அந்த நான்கு அடி கொடுக்காமல் தாளை நீட்டினால் வாங்காதீர்கள்.

சமீபத்தில் கண்புரை ஆபரேஷனோ மாரடைப்போ ஆகியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டி வரும்.

ஆலமரம்:

ஊதுகுழல் சொல்வது எனக்குப் புதிது, நன்றி. ஆனால் எக்ஸ்ரே நார்மல் என்கிறார்களே? 43 வருடம் பீடி பிடித்த நுரையீரல் எக்ஸ்ரேயில் தெரியாமலா போகும்?

கயல்_நெஞ்சுமருத்துவர்:

தெரியாமல் போகும். நெஞ்சு மிகவும் விரிந்து, உதரவிதானம் தட்டையாகி, இதயம் ஒடுங்கிக் குழல் மாதிரி தெரிந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு. சிஓபிடி சந்தேகத்தில் எக்ஸ்ரே எடுப்பது வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான்: டி.பி., புற்றுநோய்க் கட்டி, நீர்.

செல்வி கேட்ட இரண்டாவது கேள்விதான் இந்த நோயின் மையம். பத்து வருட இருமல் முற்றி மூச்சிரைப்பாக மாறியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருமல் வரும் இடம் வேறு, மூச்சு முட்டும் இடம் வேறு. ஒரே புகை இரண்டையும் தனித்தனியாகக் கெடுக்கிறது.

இருமல் பெரிய குழாய்களின் சங்கதி. அவற்றின் உட்சுவரில் கோழை சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. மேலே மயிரிழை போன்ற நுண்முடிகள் அந்தக் கோழையைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். புகையால் சுரப்பிகள் பெருத்துக் கோழை அதிகமாகிறது. நுண்முடிகள் குட்டையாகி, பல இடங்களில் உதிர்ந்தும் போகின்றன. தள்ள ஆள் இல்லாத கோழை இரவு முழுக்கத் தேங்குகிறது, விடிந்ததும் இருமித்தான் வெளியேற்ற வேண்டும். இருமல் பீடி பிடிப்பவருக்குத் துடைப்பம் மாதிரி. முதல் பீடியில் "இளகுது" என்பது புகை எரிச்சலூட்டி இன்னும் பலமாக இருமவைப்பதால்தான்.

மூச்சிரைப்பு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறுகுழாய்களின் சங்கதி. அவை ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக இருப்பதால், நல்ல நிலையில் மொத்தக் காற்றுத் தடையில் இவற்றின் பங்கு மிகச் சிறியது, ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் இங்கே பாதி பழுதானாலும் மனிதருக்கு ஒன்றும் தெரியாது, ஊதும் டெஸ்டிலும் பெரிதாகக் காட்டாது. சுவர் தடித்து, தழும்பு ஏறி, சில குழாய்கள் அடியோடு அழிந்தும் போகின்றன. மிச்சம் இருப்பவை சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் தாங்காது. விட்டம் பாதியானால் அந்தக் குழாயின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. உங்கள் அப்பாவுக்குக் கார்த்திகையில் "திடீரென்று" வந்தது முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் நடந்ததுதான்.

லண்டனில் வேலை செய்த ஆண்களை எட்டு வருடம் தொடர்ந்து ஊதவைத்துப் பார்த்து ஃப்ளெட்சரும் பீட்டோவும் 1977-இல் எழுதியதும் இதைத்தான்: கோழை அதிகம் வருவதற்கும் குழாய் அடைப்பு வளர்வதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தினமும் இருமியும் மூச்சு கெடாதவர் உண்டு; இருமலே இல்லாமல் மூச்சு போனவரும் உண்டு.

ஆலமரம்:

அப்படியானால் "மூச்சு உள்ளே போகவில்லை" என்கிறாரே, குழாய் அடைப்பு என்பதால் உள்ளே இழுக்க முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கயல்_நெஞ்சுமருத்துவர்:

நோயாளிகள் எல்லோரும் அந்த வார்த்தையைத்தான் சொல்வார்கள். நடப்பது தலைகீழ். பழைய காற்று வெளியே போகவில்லை, அதனால் புதுக்காற்றுக்கு இடம் இல்லை.

சிறுகுழாய்க்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்பும் கிடையாது. சுற்றியிருக்கும் காற்றறைகளின் சுவர்கள்தான் கூடாரத்துக்குக் கட்டிய கயிறு மாதிரி அதை நாலா பக்கமும் இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. புகையால் வந்து குவியும் வெள்ளணுக்கள் விடும் நொதிகள் அந்தச் சுவர்களின் ரப்பர் போன்ற நாரைக் கரைக்கின்றன. கயிறு அறுகிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாய் எப்படியோ திறந்துகொள்ளும். விடும்போது தொய்ந்து மூடிக்கொள்ளும். நுரையீரலின் இழுவிசையும் குறைந்துவிட்டதால் காற்றைத் தள்ளவும் பலம் இல்லை.

இதைப் படியில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு நான்கு நொடி. அதில் வெளியே விட இரண்டரை நொடி கிடைக்கும். எட்டாவது படியில் மூச்சு 30 ஆகும். விட ஒரு நொடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. மெதுவாகக் கசியும் நுரையீரலுக்கு அது போதாது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்குகிறது. நாலைந்து மூச்சில் நெஞ்சு நிரம்பி முட்டிவிடும், அதற்கு மேல் இழுக்க இடம் இல்லை. அவர் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் அந்த நிமிடத்தில் நடப்பது இதுதான். நின்றால் மூச்சு வேகம் குறைந்து, தேங்கியது வடிகிறது. அதனால்தான் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை.

ராஜபாளையத்தான்:

டாக்டர், பீடி சின்னது, புகையிலையும் கம்மி, அதனால சிகரெட்டை விடப் பரவாயில்லன்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?

கயல்_நெஞ்சுமருத்துவர்:

புகையிலை குறைவு என்பது சரி, பரவாயில்லை என்பது தவறு. தெண்டு இலை சிகரெட் தாள் மாதிரி காற்றை உள்ளே விடாது, தானாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவாக உள்ளே போவதில்லை. ஒரு பீடியை ஒரு சிகரெட்டாகவே எண்ணினால் இவருக்கு 25-ஐ 20-ஆல் வகுத்து 43-ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 54 பாக்கெட்-வருடம். அப்படி எண்ணுவது சரியா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பாதியாக எண்ணினாலும் 27 வருகிறது, அதுவே அதிகம்.

செல்வி_நாமக்கல்:

வேற இடத்துல டெஸ்ட் எடுத்துட்டோம். இந்தத் தடவை அந்தத் தம்பி "இன்னும் இன்னும்"னு கத்திக்கிட்டே இருந்தார். FET 9.6. மருந்துக்கு முன்னாடி FVC 2.60, FEV1 1.44, விகிதம் 0.55. நாலு அடி கொடுத்து கால் மணி நேரம் கழிச்சு FVC 2.75, FEV1 1.53 (61%), விகிதம் 0.56. அந்த இன்னொரு படத்துல கோடு மேல போயிட்டு கீழ வரும்போது நடுவுல தொட்டில் மாதிரி குழிஞ்சிருக்கு.

ஊதுகுழல்:

இப்போது தாள் பேசுகிறது. FEV1 பழைய தாளில் 1.42, புதியதில் 1.44. அதாவது அதே ஆள், அதே நுரையீரல். FVC மட்டும் 1.95-இல் இருந்து 2.60 ஆகியிருக்கிறது. அந்த 650 மில்லி அன்றைக்கு ஊதாமல் விட்ட காற்று. விகிதம் 0.73-இல் இருந்து 0.55-க்கு இறங்கிவிட்டது. "ரெஸ்ட்ரிக்‌ஷன்" என்ற பேச்சே இல்லை. அந்தத் தொட்டில் குழிவு அடைப்புக்கே உரிய வடிவம்.

மருந்துக்குப் பிறகு FEV1 90 மில்லி கூடியிருக்கிறது, ஆறு சதவீதம். 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடினால்தான் நல்ல மீட்சி என்று நாங்கள் குறித்து வந்தோம். புது முறையில் கணக்கு கொஞ்சம் வேறு, அதிலும் இது தேறாது.

ஆலமரம்:

நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீடியை விட்டால் சரியாகிவிடும் என்பதையாவது ஏற்பீர்களா?

கயல்_நெஞ்சுமருத்துவர்:

பாதி ஏற்கிறேன். இருமல் பெரிய குழாய் சங்கதி என்றேன் அல்லவா, அது மீளும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் கோழை நன்றாகக் குறையும். முதல் சில வாரங்கள் இருமல் கூடலாம், நுண்முடிகள் திரும்ப வேலை செய்ய ஆரம்பிப்பதால் என்று சொல்வதுண்டு. "விட்டதும் அதிகமாயிடுச்சு" என்று அப்போது பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். செல்வி, அப்பாவிடம் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

அறுந்த கயிறும் அழிந்த சிறுகுழாயும் திரும்பாது. இழந்த FEV1 முதல் வருடத்தில் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். மாறுவது இனிமேல் இழக்கும் வேகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை அடைப்பு உள்ள 5887 புகைப்பவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பதினோரு வருடக் கணக்கில், விடாமல் புகைத்த ஆண்கள் வருடத்துக்குச் சுமார் 66 மில்லி இழந்தார்கள், விட்டவர்கள் சுமார் 30. அப்பாவுக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 1.53 லிட்டர். தொடர்ந்தால் பத்து வருடத்தில் 660 மில்லி போய் 0.87. இன்று விட்டால் 300 போய் 1.23. 0.87-இல் குளித்து உடை மாற்றவே மூச்சு வாங்கும். 1.23-இல் மெதுவாகக் கடைக்குப் போய் வரலாம். இவை சராசரி, ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கணக்கின் திசை மாறாது.

ஒரு கட்டை ஐந்தாகக் குறைக்கிறேன் என்பார். அதில் இந்தப் பலன் பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் இருக்கும் ஐந்தை அடிவரை இழுப்பார். தேதி குறித்து முழுசாக விடுவதுதான் வழி. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி என்றால் நிக்கோட்டின் சூயிங்கத்தில் 4 மில்லிகிராம் வேண்டியிருக்கும்: சுள்ளென்று காரம் வரும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். தேசிய புகையிலை விடுப்பு எண் 1800-11-2356, கட்டணம் இல்லை.

செல்வி_நாமக்கல்:

ரொம்ப நன்றிங்க மேடம். இங்க டாக்டர் தினம் ஒரு டயோட்ரோபியம் கேப்சூல் எழுதினார். கூடவே ஃபார்மட்டெரால், புடெசொனைடு சேர்ந்த இன்னொண்ணு ரெண்டு வேளை. ரோட்டாஹேலர் கொடுத்திருக்காங்க. அப்பா முதல் நாள் கேப்சூலை வாயில போட்டு விழுங்கப் போயிட்டார். பழகிட்டா விட முடியாதுன்னு பக்கத்து வீட்ல பயமுறுத்தறாங்க.

தேன்மொழி_பிசியோ:

விழுங்கினா குழாய்க்கு மருந்து போகாது, வயித்துக்குத்தான் போகும். நல்ல வேளை பார்த்தீங்க. இன்ஹேலர் பழக்கமாகற மருந்து இல்ல. மூச்சு வாங்குது, அதனால தினம் வேணும், அவ்வளவுதான்.

ரோட்டாஹேலர் முறை சொல்றேன். கை ஈரமில்லாம கேப்சூலைக் கருவியோட சதுர ஓட்டையில போட்டு, அடிப்பாகத்தைத் திருப்பி உடைக்கணும். கருவிக்குள்ள ஊதவே கூடாது, ஈரம் பட்டா பொடி கட்டியாயிடும். முகத்தைத் திருப்பி வெளிய நல்லா மூச்சை விட்டுட்டு, உதட்டை இறுக்கிப் பிடிச்சு, வேகமா ஆழமா ஒரே இழுப்பு. கருவியை எடுத்துட்டு பத்து எண்ணற வரைக்கும் மூச்சை அடக்கணும். அப்புறம் திறந்து பாருங்க: ஓட்டுக்குள்ள பொடி ஒட்டியிருந்தா இழுப்பு போதல, அதே கேப்சூலை மறுபடி இழுக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் பொடி மிச்சம் இருந்தா, இந்தக் கருவிக்கு அவர் இழுப்பு பத்தலைன்னு அர்த்தம்; டாக்டர்கிட்ட சொல்லி பம்பும் ஸ்பேசரும் வாங்கிக்கோங்க. புடெசொனைடு எடுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளை படியும்.

படிக்கு ஒரு வழி. ஏறும்போது மூச்சை அடக்கிக்கிட்டு ஏறறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. நின்ன படியில மூக்கால ரெண்டு எண்ணி இழுத்து, உதட்டை விசில் அடிக்கற மாதிரி குவிச்சு நாலு எண்ணி விட்டுக்கிட்டே ரெண்டு படி ஏறணும். உதட்டைக் குவிச்சா குழாய்க்குள்ள அழுத்தம் தங்கி, மூடிக்கறது தள்ளிப்போகும், காற்று வடியும். நின்னுட்டா முன்னால சாஞ்சு ரெண்டு கையையும் கைப்பிடியில ஊனிக்கட்டும். ஆனா இது படிக்கு மட்டும். தினம் 20 நிமிஷம் நடக்கணும், மூச்சு வாங்கற அளவுக்கு. மூச்சு வாங்குதேன்னு உட்கார்ந்தா தொடைச்சதை கரையும், அப்புறம் அதே தூரத்துக்கு இன்னும் அதிகமா மூச்சு வாங்கும்.

கயல்_நெஞ்சுமருத்துவர்:

செல்வி, அப்பாவுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா, கண் அழுத்தம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் டயோட்ரோபியம் எழுதியவரிடம் சொல்ல வேண்டும்.

புடெசொனைடு, அதாவது ஸ்டீராய்டு, இவருக்குத் தேவையா என்பதில் எனக்குத் தயக்கம். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு எண்ணிக்கை 300-க்கு மேல் இருந்தாலோ, வருடத்தில் இரண்டு தடவை நோய் திடீரென்று முற்றினாலோ அது உதவும். 100-க்குக் கீழே என்றால் பலன் குறைவு, நிமோனியா வாய்ப்பு மட்டும் கூடும்.

ஊதுகுழல்:

எங்கள் தலைமை மருத்துவர் இதில் வேறு மாதிரி, மேடம். நம் ஊரில் குடற்புழு, ஒவ்வாமையால் ஈசினோஃபில் பலருக்கு ஏறியே இருக்கிறது, அந்த எண்ணை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்பார்.

கயல்_நெஞ்சுமருத்துவர்:

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல், இருமல் முற்றாத நாளில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டைப் பார்ப்பேன். நேரில் பார்க்காமல் நிறுத்தச் சொல்ல மாட்டேன். செல்வி, எழுதியவரிடமே இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

செல்வி_நாமக்கல்:

பழைய ரத்த ரிப்போர்ட்ல ஈசினோஃபில் 4%, மொத்த வெள்ளணு 7,500 இருக்கு. அதாவது 300-ஆ?

கயல்_நெஞ்சுமருத்துவர்:

7,500-இல் 4 சதவீதம் சரியாக 300. கோட்டின் மேலேயே நிற்கிறது. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

கூடவே இதையும் குறித்து வையுங்கள். கோழை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவும் கூடி, மூச்சும் அதிகம் வாங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், பகலில் காரணமில்லாமல் தூங்கி வழிந்தால் நேராக ஆஸ்பத்திரி. அப்போது இவர் சிஓபிடி நோயாளி என்று சொல்லுங்கள். ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைப்பார்கள், 100-க்கு ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு கூடி மயக்கம் வரும். இருமலின் குணமே மாறினால், கோழையில் ரத்தம் வந்தால், விரல் நுனி உருண்டு நகம் வளைந்தால் அதை சிஓபிடி கணக்கில் எழுதாதீர்கள். விரல் உருள்வது இந்த நோயில் வராது, புற்றுநோய் இருக்கிறதா என்று சி.டி. எடுத்தாக வேண்டும்.

ராஜபாளையத்தான்:

ஒண்ணும் இல்லாமலே 62 வயசுல சி.டி. எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்?

கயல்_நெஞ்சுமருத்துவர்:

குறைந்த கதிர் சி.டி. இவர் வயதுக்கும் புகைக் கணக்கும் பொருந்தும். ஆனால் நம் ஊரில் பழைய டி.பி. தழும்பு பலருக்கு இருப்பதால் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்து, பயாப்ஸி வரை போய், ஒன்றும் இல்லை என்று திரும்புவதும் நடக்கிறது. நான் நோயாளியிடம் இரண்டையும் சொல்லி அவரையே தீர்மானிக்கச் சொல்வேன்.

செல்வி_நாமக்கல்:

அப்பாகிட்ட சி.டி. பத்திப் பேசறேன். இன்னைக்குக் காலைல கேப்சூலைத் திறந்து பார்த்தேன் தேன்மொழி அக்கா, ஓட்டுல பாதிப் பொடி அப்படியே இருந்துச்சு. ரெண்டாவது இழுப்புல போயிடுச்சு.

தேன்மொழி_பிசியோ:

முதல் இழுப்பை மெதுவா ஆரம்பிச்சு அப்புறம் வேகம் பிடிக்கறாரா பாருங்கம்மா. ஆரம்பத்துலயே வேகம் வேணும், பொடி அந்த முதல் அரை நொடியிலதான் கிளம்பும். ஒரு வாரம் தினம் ஓட்டைத் திறந்து பார்த்துட்டு எழுதுங்க.